ஆயிரம் சொல் என்றால் எந்த ஆயிரம்?

குரோம்பேட்டையில் இருக்கும் ஒரு தங்கை போன மாதம் தன் போர்ட்ஃபோலியோ பக்கத்தை என்னிடம் காட்டினாள். ஆங்கிலம், தமிழ் இரண்டுக்கும் இடையே நான்கு வருடமாக மொழிபெயர்க்கிறாள். மருத்துவமனைப் படிவங்கள், வீட்டு உபயோகப் பொருள்களின் கையேடுகள், பாதுகாப்பு அறிவிப்புகள் எல்லாம் செய்திருக்கிறாள். பக்கத்தின் உச்சியில் "தரமான, விரைவான, நம்பகமான சேவை" என்று இருந்தது. அதன் கீழே ஒரு புகைப்படம், இருபது துறைகளின் பட்டியல், "கட்டணத்துக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். பக்கத்தைப் பார்த்துவிட்டு யாரும் கூப்பிடுவதில்லை என்பது அவளுடைய வருத்தம்.

நான் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இதை யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதினாய்?"

அவள் நினைத்திருந்தது தமிழ் தெரிந்த ஒருவரை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வேலை கொடுப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்க வராது. வந்தால் அவர்களுக்கு நாம் எதற்கு? மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் நான்கைந்து பேரின் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இவர்களில் யாருக்கு இந்தக் கோப்பை அனுப்புவது என்று பார்க்கிறார். நம் தமிழின் அழகு அவர் கண்ணில் படாது. நாம் எப்படி யோசிக்கிறோம் என்பதும், எவ்வளவு ஆகும் என்பதும் மட்டுமே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பக்கத்தை அந்த ஒருவருக்காகத் திருத்தி எழுதினோம்.

முதலில் மாதிரிகள். அவள் பன்னிரண்டு வைத்திருந்தாள், எல்லாம் பிடிஎஃப். அவற்றில் மூன்று, ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேலைகள். நிறுவனத்தின் பெயரை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைத்திருந்தாள். பிடிஎஃப்பில் கட்டம் மேலே ஒட்டிய தாள் மாதிரிதான். அடியில் உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயர் வந்துவிடுகிறது. நானே அவள் கண்முன் செய்து காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. அந்த மூன்றையும் உடனே எடுத்தோம்.

வாடிக்கையாளரின் கோப்பை மாதிரியாகப் போடத் தேவையே இல்லை. மூல வாசகத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். மிக்ஸி கையேடு எப்படி இருக்கும், அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவம் எப்படி இருக்கும் என்று நான்கு வருடம் செய்தவளுக்குத் தெரியாதா? ஆங்கிலத்தில் 150 சொற்களுக்கு ஒரு பகுதி எழுதி, அதை மொழிபெயர்த்து, "இது மாதிரிக்காக எழுதியது" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டால் போதும். யாரோ ஒருவரின் அண்மைக்காலச் சிறுகதையை எடுத்து மொழிபெயர்த்துப் போடுவதுதான் சிக்கல். மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்கே உரியது. இந்தியாவில் அது அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும்.

பன்னிரண்டை மூன்றாகக் குறைத்தோம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரியில் ஆங்கிலக் குறிப்பு ஒன்று சேர்த்தோம். என்னைக் கேட்டால் பக்கத்திலேயே வேலை செய்கிற பகுதி இதுதான். மிக்ஸி கையேட்டில், ஈரக் கையோடு இயக்காதே என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. அவள் முதலில் "ஈரமான கைகளுடன் சாதனத்தை இயக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். பிழை சொல்ல முடியாத தமிழ்தான். ஆனால் சமையலறையில் நிற்பவர் அதைப் படித்துவிட்டு, ஓடுகிற மிக்ஸியை ஈரக் கையால் நிறுத்தலாம் என்று நினைத்துவிடலாம். "ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்" என்று மாற்றினாள். ஏன் மாற்றினாள் என்பதுதான் குறிப்பு: ஆபத்து தொடுவதில் இருக்கிறது, இயக்குவதில் மட்டும் இல்லை. 'மின்செருகி' என்று எழுதாமல் 'பிளக்' என்று விட்டதற்கும் ஒரு வரி. தமிழ் தெரியாத ஒருங்கிணைப்பாளர் இந்தக் குறிப்பைப் படித்தாலே, எதிரில் இருப்பவர் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவர் இல்லை என்று புரிந்துகொள்வார்.

பிடிஎஃப்பையும் விட்டோம். பழைய பாமினி எழுத்துருவில் செய்த கோப்பாக இருந்தால் அதிலிருந்து நகலெடுக்கும்போது தமிழ் வராது, ஆங்கில எழுத்துகள் குப்பையாக வரும். தேடலிலும் அகப்படாது. மாதிரியைப் பக்கத்திலேயே யூனிகோடில் தட்டச்சு செய்வதே நல்லது. ஆங்கிலத்தை இடப்பக்கமும் தமிழை வலப்பக்கமும் வைப்பது கணினியில் அழகாகத் தெரியும். கைப்பேசியில் இரண்டு பத்தியும் நசுங்கி வரிக்கு ஒரு சொல் நிற்கும். பத்தி பத்தியாக, மேலே மூலம், கீழே தமிழ் என்று அடுக்கினால் எங்கும் படிக்கலாம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு முன்பு ஒரு மின்னஞ்சல் வந்திருந்ததாம்: "உங்கள் மாதிரியைப் படித்தேன், மொழிபெயர்ப்பு இயந்திரத்தனமாக இருக்கிறது." இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. விசாரித்தபோது, அவருடைய பிரௌசரில் தானியங்கி மொழிபெயர்ப்பு போட்டிருந்திருக்கிறது. இவள் எழுதிய தமிழை அது ஆங்கிலமாக்கிக் காட்ட, அந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டுத்தான் அவர் குறை சொல்லியிருக்கிறார். "அக்கா, அவர் படித்தது நான் எழுதியதே இல்லை" என்றாள். தடுக்க ஒரே ஒரு சொல் போதும்.

```html
<div translate="no">
  <p lang="en">Do not operate with wet hands.</p>
  <p lang="ta">ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.</p>
</div>
```

முதல் வரி, இந்தப் பகுதியை மொழிபெயர்க்காதே என்று பிரௌசருக்குச் சொல்கிறது. `lang` குறி எந்தப் பத்தி எந்த மொழி என்று சொல்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

அடுத்தது கட்டணம். "தொடர்பு கொள்ளவும்" என்பதை எடுத்துவிட்டு, "ஒரு சொல்லுக்கு 2 ரூபாய்" என்று போடலாம் என்றாள். அதே தவற்றைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவள் நான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி, 10,000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பயிற்சிக் கையேட்டை முடித்துக் கொடுத்தேன். 15,000 ரூபாய் வரும் என்று காத்திருந்தேன். வந்தது 10,800. அவர்கள் என் தமிழ்க் கோப்பை எண்ணியிருந்தார்கள், 7,200 சொற்கள். ஏமாற்றவில்லை, எந்தச் சொல் என்று நான்தான் சொல்லவில்லை.

தமிழில் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. 'இன் தி ஹவுஸ்' மூன்று சொல், 'வீட்டில்' ஒன்று. 'ஐ வில் நாட் கம்' நான்கு சொல், 'வரமாட்டேன்' ஒன்றே ஒன்று. வேற்றுமை உருபும் எதிர்மறையும் எழுவாயும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. என் கோப்புகளில் 1,000 ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் 700 முதல் 780 தமிழ்ச் சொற்களாகின்றன. அதோடு, 'செய்துவிடலாம்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'செய்து விடலாம்' என்று பிரித்தால் இரண்டு. தமிழை எண்ணிக் கூலி கொடுத்தால், நன்றாகச் சேர்த்து எழுதுபவருக்குக் குறைவாகவும் இடைவெளி விட்டு இழுப்பவருக்கு அதிகமாகவும் போகும். மூலத்தை எண்ணினால் இந்தத் தகராறே இல்லை. வேலை தொடங்கும் முன்பே இருவருக்கும் தொகை தெரிந்துவிடும்.

எதிர்த்திசையில் இதே கணக்குத் திரும்பிக் கடிக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது மூலம் தமிழ், எண்ணிக்கை குறைவு, உழைப்பு அதே அளவு. எனவே அந்தத் திசைக்கு விலை கூட இருக்க வேண்டும். 10,000 ஆங்கிலச் சொல் 7,200 தமிழ்ச் சொல்லான என் பழைய கணக்கை வைத்து 2 ரூபாயை 0.72 ஆல் வகுத்தால் சுமார் 2.78 வருகிறது, அவள் 2.75 என்று வைத்தாள். பத்திரம், சான்றிதழ் போன்றவற்றைப் பாரிமுனைப் பக்கம் பக்கக் கணக்கில் பேசுவார்கள். அவளும் அப்படியே வைத்தாள், ஆனால் ஒரு பக்கம் என்பது 250 சொற்கள் வரை என்று எழுதிவிட்டு. நோட்டரி கட்டணம் தனி என்பதையும்.

கடைசியில் விலைப் பகுதி இப்படி வந்தது: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, மூலக் கோப்பின் சொல் ஒன்றுக்கு 2 ரூபாய். உதாரணமாக 1,500 சொல் கையேட்டுக்கு 3,000 ரூபாய், இரண்டு வேலை நாள். எவ்வளவு சிறிய வேலையானாலும் குறைந்தது 750 ரூபாய். 7 நாளுக்குள் சொல்லும் திருத்தங்கள் ஒருமுறை இதில் அடக்கம். வேலை தொடங்கிய பின் மூலத்தை மாற்றினால் மாறிய சொற்களுக்குத் தனிக் கணக்கு. பாதித் தொகை முன்பணம். ஜிஎஸ்டி கிடையாது. அவளுடைய ஆண்டு வருமானம் 20 லட்ச ரூபாய்க்குள் இருப்பதால் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யாதவர் அதை வசூலிக்கவும் கூடாது. இதைச் சொல்லாவிட்டால், 18 சதவீதம் மேலே வருமோ என்று எதிரில் இருப்பவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருப்பார். லோகோ, சுவரொட்டி செய்யும் டிசைனர்களுக்குச் சொல் கணக்கு கிடையாது. அவர்கள் எத்தனை வரைவு, எத்தனை முறை திருத்தம், கடைசியில் எந்தக் கோப்பு கொடுக்கப்படும் என்று எழுதினால் இதே வேலை நடக்கும்.

வாடிக்கையாளர் கருத்துகள்தான் மிச்சம். வாட்ஸ்அப்பில் வந்த "சூப்பர் வொர்க் மேடம்" என்பதைப் படமெடுத்துப் போட்டிருந்தாள், அனுப்பியவரின் எண் தெரிய. அதை நீக்கினோம். பழைய வாடிக்கையாளர்கள் மூவருக்கு மின்னஞ்சல் எழுதி, பாராட்டு கேட்காமல், இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன்: வேலை கொடுக்கும் முன் என்ன தயக்கம் இருந்தது, கோப்பு வந்தபின் எவ்வளவு திருத்த வேண்டியிருந்தது? பதிலை எந்தப் பெயரில், எந்தப் பொறுப்பில் வெளியிடலாம் என்றும் அதிலேயே கேட்டாள். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் நிறுவனத்தின் பெயர் வேண்டாம், "அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்பு அதிகாரி" என்று போடுங்கள் என்றார். அவர் எழுதியது: "எங்கள் தொழிலாளர்களுக்குப் புரியுமா என்று பயந்தேன். 40 அறிவிப்புகளில் இரண்டில் மட்டும், நாங்கள் கருவிக்கு வைத்திருக்கும் பெயரை மாற்றச் சொன்னோம்." திருத்தம் இரண்டு என்று வருவதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். அந்த இரண்டு இருப்பதால்தான் மற்ற 38ஐ நம்பத் தோன்றுகிறது.

மூன்றாவது வாரம் புனேயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "3,150 சொற்கள், 6,300 ரூபாய், வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" பேரம் இல்லை, விசாரிப்பு இல்லை, கணக்கை அவர்களே போட்டிருந்தார்கள். இவள் சந்தோஷத்தில் உடனே சரி என்று பதில் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தாள். 3,150 சொற்கள் முன்பாதியில் இருந்தன. பின்னால் பதினோரு பக்கம் ஸ்கேன் செய்த படங்கள். எண்ணும் மென்பொருளுக்கு அவை சொற்களே இல்லை. மறுபடி எழுதிக் கேட்டாள், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அன்று இரவே விலைப் பகுதியில் இன்னொரு வரி ஏறியது: "ஸ்கேன் செய்த பக்கங்களைக் கோப்பைப் பார்த்த பின்பே எண்ணிச் சொல்வேன்."