ஆளுக்கு ஆள் மாறும் பரிந்துரையை எப்படிச் சோதிப்பது?

மளிகை ஆப்பில் 'உங்களுக்காக' என்று ஒரு வரிசை வருமே, அதைச் சோதிக்கக் கொடுத்தால் பல டெஸ்டர்கள் செய்வது இதுதான்: தன் போனில் திறந்து பார்ப்பார்கள், பத்துப் பொருள் வருகிறதா, படம் தெரிகிறதா, தொட்டால் திறக்கிறதா, சரி, பாஸ். பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் வேறு பத்து வரும், அது அப்படித்தான் வரும் என்று விட்டுவிடுவார்கள். அந்த 'அப்படித்தான் வரும்' என்ற பேச்சுக்குள் எவ்வளவு பெரிய பிழையும் ஒளிந்துகொள்ளலாம். சேலத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில், இதற்கு நான் எப்படிப் போகிறேன் என்பதை ஒரு கேஸோடு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். லாகின் பக்கத்துக்கு எழுதுவது போல 'இந்த இன்புட்டுக்கு இந்தப் பட்டியல்தான் வர வேண்டும்' என்று இங்கே எழுத முடியாது. எழுதினால் மாடலை ஒருமுறை திரும்பப் பயிற்றுவித்ததும் எல்லா டெஸ்ட்டும் சிவப்பாகிவிடும், ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். எந்தப் பொருள் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, ஆனால் வந்த பொருள் இந்த ஆளுக்குப் பொருத்தமா என்று ஒரு மனிதரால் சொல்ல முடியும். அந்தத் தீர்ப்பைத்தான் நாம் சேகரித்து வைக்க வேண்டும். அந்தத் தீர்ப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால், எதிரே நிற்கும் ஆளும் கடையும் மாறாமல் இருக்க வேண்டும்.

மாறாமல் இருப்பதை எப்படிச் செய்வது? 40 மாதிரி வாடிக்கையாளர்களை உருவாக்கி வைத்துக்கொள்கிறோம். உண்மையான ஆட்களின் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது, அது அவர்களுடைய தனிப்பட்ட விஷயம். அவர்கள் வாங்கும் விதத்தைப் பார்த்து நாமே எழுதிய வரலாறுகள் போதும். புதிதாகச் சேர்ந்து ஒன்றுமே வாங்காதவர், ஒரே ஒருமுறை ஜவ்வரிசி வாங்கிவிட்டுப் போனவர், மாதாமாதம் முழு மளிகை போடுகிற குடும்பம், ஒரே கணக்கை அம்மாவும் மகனும் சேர்ந்து பயன்படுத்தும் வீடு, ஏற்காட்டில் இருப்பவர் என்று பலவிதமாக இருக்க வேண்டும். இவர்களோடு பொருள் பட்டியல், விலை, ஸ்டாக் எல்லாவற்றையும் ஒரு தேதியில் நகலெடுத்து உறைய வைக்கிறோம். சிஸ்டம் பார்க்கிற 'இன்றைய தேதி'யும் நாம் கொடுப்பதுதான், ரேண்டம் சீடும் நாம் கொடுப்பதுதான், பாதிப் பேருக்கு மட்டும் திறந்துவிடும் சோதனை ஃபீச்சர்கள் எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, மதிப்பெண் போடுவதற்கு முன்னால், ஒரே பில்டை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். 40 பேருக்கும் அதே பட்டியல், அதே வரிசையில் வர வேண்டும். பெரும்பாலும் வராது! வழக்கமான காரணம், இரண்டு பொருளுக்கு ஒரே ஸ்கோர் வந்து, எதை முன்னால் வைப்பது என்று யாரும் சொல்லாததால் டேட்டாபேஸ் எந்த வரிசையில் கொடுத்ததோ அந்த வரிசையில் வந்துவிடுவது. ஸ்கோர் சமமானால் பொருள் எண்ணை வைத்து வரிசைப்படுத்து என்று ஒரு வரி சேர்த்தால் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் அதே பில்டைப் பலமுறை ஓட்டி, மதிப்பெண் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு புது பில்டில் தெரியும் வித்தியாசம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருந்தால் அதை வைத்துச் சண்டை போட வேண்டியதில்லை.

அடுத்தது தீர்ப்பு. பழைய பில்டு கொடுத்தது, புது பில்டு கொடுத்தது, எல்லோருக்கும் பொதுவான 'அதிகம் விற்பவை' பட்டியல், மூன்றையும் ஒன்றாகக் கலந்து, எது எங்கிருந்து வந்தது, எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று தெரியாதபடி குலுக்கிக் கொடுக்க வேண்டும். முதலிடத்தில் இருந்த பொருள் என்று தெரிந்தாலே கை தானாக நல்ல மதிப்பெண் போடும். 3 என்றால் இவர் அநேகமாக வாங்குவார், 2 என்றால் பொருத்தம்தான், 1 என்றால் ஏதோ சம்பந்தம் இருக்கிறது, 0 என்றால் சம்பந்தமே இல்லை. மதிப்பெண் போடுகிறவர்கள் டெவலப்பர்களாக இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் போனை எடுத்துப் பேசுகிறவர்களும், கோடவுனில் பொருள் எடுத்துக் கட்டுகிறவர்களும் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும், பிறகு ஒப்பிட வேண்டும். சிக்கரி கலக்காத சேர்வராயன் மலைக் காபித்தூளை மட்டுமே வாங்கும் ஒரு மாதிரி வாடிக்கையாளருக்குச் சிக்கரி கலந்த தூள் வந்தது. ஒருவர் 2 போட்டார், 'காபிதானே'. இன்னொருவர் 0. "சிக்கரி வேண்டாம்னு தேடி வாங்குறவங்ககிட்ட இதைக் காட்டுனா கோபம்தான் வரும்ண்ணா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. இப்படி வரும்போது மதிப்பெண்ணை நடுவில் பிரித்து 1 போடாதீர்கள். ஏன் கருத்து மாறியது என்று பேசி, 'வாடிக்கையாளர் தொடர்ந்து தவிர்க்கும் வகை என்றால் 0' என்று வழிகாட்டித் தாளில் ஒரு வரி எழுதுங்கள்.

இங்கே ஒரு கணக்கு ஏமாற்றும். 'பொருத்தம், பொருத்தமில்லை' என்று இரண்டாகவே வைத்துக்கொள்வோம். 100 பொருளில் இரண்டு பேருமே 90-க்குப் 'பொருத்தமில்லை' என்று போடுகிறார்கள், 84-இல் ஒத்துப்போகிறார்கள். நல்ல ஒற்றுமை போலத் தெரியும். ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் போட்டிருந்தாலே 82-இல் ஒத்துப்போயிருப்பார்கள் (0.9 × 0.9 + 0.1 × 0.1). தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கோஹன் காப்பா என்ற அளவு இங்கே வெறும் 0.11 என்று காட்டும். அப்படி வந்தால் அந்த மதிப்பெண்களை வைத்து எந்த பில்டையும் தீர்ப்பு சொல்லாதீர்கள், முதலில் வழிகாட்டித் தாளைச் சரிசெய்யுங்கள்.

மதிப்பெண் கையில் வந்ததும் வரிசையையும் சேர்த்து அளக்க வேண்டும், ஏனென்றால் போன் திரையில் முதல் இரண்டு மூன்றைத் தாண்டி நிறையப் பேர் தள்ளிப் பார்ப்பதில்லை. அதற்கு nDCG என்ற அளவு பயன்படும், மேலே இருக்கும் பொருளின் மதிப்பெண்ணுக்கு அதிக எடை கொடுத்து, மிகச் சிறந்த வரிசைக்கு 1 என்று காட்டும்:

```python
from math import log2

def dcg(m):
    return sum(x / log2(i + 2) for i, x in enumerate(m))

def ndcg(m, pool):
    best = sorted(pool, reverse=True)[:len(m)]
    return dcg(m) / dcg(best)
```

`pool` என்பது அந்த ஆளுக்கு மதிப்பெண் போட்ட எல்லாப் பொருள்களும். ஐந்து பொருள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3, 2, 3, 0, 1 என்ற வரிசைக்கு 0.97 வரும். அதே ஐந்து பொருள் 0, 3, 2, 3, 1 என்று வந்தால் 0.72. பொருள் ஒன்றுகூட மாறவில்லை, சம்பந்தமில்லாத ஒன்று முதலிடத்துக்கு வந்ததற்கே இவ்வளவு சரிவு.

இப்போது கேஸ். 40 பேரில் 32 பேர் சேலம் நகரம், 8 பேர் ஏற்காடு, பின்கோடு 636601. குளிர்பெட்டி வண்டி மலைக்கு ஏறாது, அதனால் பனீர், ஐஸ்கிரீம், இறைச்சி போன்றவை அவர்களுக்குக் காட்டவே கூடாது. புது பில்டு வந்தது. சராசரி 0.74-இலிருந்து 0.75 ஆனது. எல்லோருக்கும் பத்துப் பொருள் வந்தது, ஒன்று இரண்டு முறை வரவில்லை, ஸ்டாக் இல்லாதது வரவில்லை, ஏற்காட்டுக்குப் பனீர் போகவில்லை. எல்லாம் பச்சை. ரிலீஸ் பண்ணலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை எடுத்து, அதிகம் சரிந்தவரை மேலே வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. மேலே இருந்த எட்டுப் பேரும் 636601. நகரத்தின் சராசரி 0.76-இலிருந்து 0.80-க்கு ஏறியிருக்கிறது, ஏற்காடு 0.66-இலிருந்து 0.54-க்கு விழுந்திருக்கிறது. 32 பேரின் ஏற்றம் 8 பேரின் சரிவை மூடிவிட்டது.

பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எட்டுப் பேருக்கும் ஐந்தாவது இடத்திலிருந்து பத்து வரை அதே ஆறு பொருள்கள், அதே வரிசையில். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், தனியாக இருக்கும் பெரியவருக்கும் அதே தட்டுவடை பாக்கெட், அதே சோடா. அவை 'அதிகம் விற்பவை' பட்டியலிலிருந்து வந்தவை. காரணம் இதுதான்: முன்பு டெலிவரி ஆகாத பொருள்களை நீக்கிவிட்டு, மிச்சத்திலிருந்து சிறந்த 20-ஐ எடுத்தார்கள். வேகத்துக்காக அந்த வரிசை மாற்றப்பட்டு, 20-ஐ எடுத்த பிறகு நீக்கம் நடந்தது. ஏற்காட்டு ஆட்களுக்கு 20-இல் நான்குதான் தேறியது, மீதி ஆறு இடத்தைப் பொதுப் பட்டியலால் நிரப்பிவிட்டது. விதிமுறை டெஸ்ட் ஒன்றும் உடையவில்லை, ஏனென்றால் எந்த விதியும் மீறப்படவில்லை. பரிந்துரை மட்டும் பரிந்துரையாக இல்லை.

இதற்குப் பிறகு இரண்டு சோதனைகளைக் கட்டாயமாக்கச் சொல்வேன். ஒன்று, தொடர்பில்லாத இரண்டு ஆட்களின் பட்டியலில் எத்தனை பொருள் பொதுவாக இருக்கிறது என்று பில்டுக்கு பில்டு ஒப்பிடுவது. அது திடீரென்று ஏறினால், ஆளைப் பார்த்துத் தருவது எங்கோ நின்றுவிட்டது. இதற்கு மனிதத் தீர்ப்புகூடத் தேவையில்லை. இன்னொன்று இரட்டையர் சோதனை: வாங்கிய வரலாறு எல்லாம் ஒன்றே, பின்கோடு மட்டும் ஒருவருக்கு 636001, இன்னொருவருக்கு 636601. மலைக்குப் போகாத பொருள்களை நகரத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், மிச்சம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வர வேண்டும். ஏற்காட்டை மாடல் தனியாகக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் மாறும், அது பரவாயில்லை, ஆனால் ஆறு பொருள் மாறினால் கேள்வி கேட்க வேண்டும்.

நீக்கும் வரிசையைச் சரிசெய்த பில்டு வந்தபோது ஏற்காட்டின் மதிப்பெண் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. காரணம் பில்டு இல்லை. இதுவரை யாரும் மதிப்பெண் போடாத பொருள்கள் புதிதாக மேலே வந்திருந்தன, நம் ஸ்கிரிப்ட் மதிப்பெண் இல்லாததை 0 என்று எடுத்துக்கொண்டது. பல இடங்களில் இப்படித்தான் விட்டிருப்பார்கள், இது புதிதாக எதைச் செய்தாலும் தண்டிக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் பத்தில் எத்தனை பொருளுக்குத் தீர்ப்பு இல்லை என்ற எண்ணையும் மதிப்பெண்ணோடு சேர்த்துக் காட்டுங்கள். பத்தில் இரண்டுக்கு மேல் போனால் முடிவு சொல்லாமல், அந்தப் பொருள்களை அதே இரண்டு பேரிடம் மதிப்பெண்ணுக்கு அனுப்புங்கள்.

உறைய வைத்த மாதிரிக்கும் ஆயுள் உண்டு. ஜனவரியில் எடுத்த நகலில் மாம்பழம் இருக்காது, மல்கோவாவும் இமாம் பசந்தும் கடையை நிறைக்கும் மே மாதத்தில் அந்த நகலை வைத்து 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்று சொன்னால் அது ஜனவரி கடைக்கான பதில். அதனால் சீசனுக்குச் சீசன் புது நகல் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதற்குத் தாவாதீர்கள். மாற்றும் நாளில் ஒரே பில்டைப் பழைய நகலிலும் புது நகலிலும் ஓட்டி, இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். புது நகலில் 0.70 என்று வந்தால், பில்டு கெட்டுவிட்டதா, கேள்வித்தாள் மாறிவிட்டதா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.