5,000 டாலர் அனுப்ப கையிலிருந்து எவ்வளவு போகும்?

போன ஜூன் மாதம் காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் கிருஷ்ணகிரியில் உள்ள என் ஆடிட்டர் ஆபீசுக்கு வந்தார். மாந்தோப்பு வைத்திருப்பவர். பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். அவனுக்கு 5,000 டாலர் ஃபீஸ் கட்ட வேண்டும். இரண்டு இடங்களில் விசாரித்து எழுதிய தாளை நீட்டி, "சார், ஒரு இடத்துல கட்டணமே இல்லைங்கறாங்க. அங்கேயே போட்டுடலாமா?" என்று கேட்டார்.

அந்தத் தாளிலேயே மீதிக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். புரிவதற்காக எண்களை இங்கே முழுசாக்கியிருக்கிறேன். அன்று சந்தை விலை டாலருக்கு 90 ரூபாய்.

| | முதல் இடம் | இரண்டாம் இடம் |
|---|---|---|
| ஒரு டாலர் | ரூ.91.80 | ரூ.90.60 |
| கட்டணம் | இல்லை | ரூ.1,500 |
| கட்டணத்துக்கு ஜிஎஸ்டி | இல்லை | ரூ.270 |
| டாலர் மாற்ற ஜிஎஸ்டி | ரூ.503 | ரூ.498 |
| மொத்தம் | ரூ.4,59,503 | ரூ.4,55,268 |
| சேரும் நேரம் | 1 நாள் | 2 நாள் |

கட்டணம் இல்லாத இடத்தில் ரூ.4,235 அதிகம். வாங்க வேண்டியதை டாலர் விலையிலேயே ஏற்றி வாங்கிவிடுகிறார்கள். அதனால் விலையைக் கேட்டதும் அன்றைய சந்தை விலையைக் கழித்துப் பாருங்கள். முதல் இடத்தில் டாலருக்கு 1.80 ரூபாய் வித்தியாசம். 5,000 டாலருக்கு அதுவே 9,000 ரூபாய்.

அட்டவணையில் வராத செலவு ஒன்று உண்டு. ஜனவரியில் இவர் அனுப்பிய 5,000 டாலர், 4,975 ஆகத்தான் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் இருந்த இடைநிலை வங்கி 25 டாலரைப் பிடித்துக்கொண்டது. அந்த 25 டாலர் பாக்கி என்று காட்டி, பையனின் அடுத்த செமஸ்டர் பதிவை நிறுத்திவைத்துவிட்டார்கள். பாவம், நான்கு நாள் அலைந்தான். வழிச்செலவை அனுப்புபவரும் பெறுபவரும் பகிர்ந்துகொள்வது SHA; படிவத்தில் அதை டிக் செய்தால் இப்படி நடக்கலாம். ஃபீஸ் கட்டும்போது, எல்லாச் செலவும் அனுப்புபவருடையதே என்று சொல்லும் OUR என்று போட வேண்டும். அதற்கு இங்கே கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டு மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த '1 நாள்'. நாம் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து அதை எண்ணக் கூடாது. நம் ஊர்க் கிளைகள் பலவற்றில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நாம் நிரப்பும் ஏ2 படிவத்தையும் பான், கல்லூரி இன்வாய்ஸ் நகல்களையும் அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளைக்கு அனுப்புவார்கள். அங்கே சரிபார்த்து, வெளிநாட்டு வங்கிக்குப் போகும் ஸ்விஃப்ட் செய்தி கிளம்பிய பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கொடுத்தால் திங்கள்கிழமைதான் நகரும். கிளம்பிவிட்டதா என்று தெரிய, ஸ்விஃப்ட் நகல் கேட்டு வாங்குங்கள். பணம் வராவிட்டால் கல்லூரியும் அதைத்தான் கேட்கும்.

அந்த நிதியாண்டில் அவர் அனுப்பியது 10 லட்சம் ரூபாயைத் தாண்டாததால், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி வசூலிக்கும் டிசிஎஸ் வரிப் பிடித்தம் வரவில்லை. இரண்டாம் இடத்திலேயே, OUR போட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பையன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை என்னிடம் காட்டினார். பாக்கி 0.00 என்று இருந்தது.