பாரோமீட்டர்: காற்றின் எடை சொல்லும் சொல்

ஐப்பசியில் ஒரு நாள், மாலை நாலு மணி. காசிமேட்டில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து, “காத்து கனத்துக் கெடக்குது தம்பி, மழை எறங்கிடும்” என்றார். சட்டை உடம்போடு ஒட்டிய புழுக்கம். என் கைபேசியில் காற்றழுத்தம் காட்டும் செயலி உண்டு. திறந்து பார்த்தேன். நேற்று இதே நேரம் காட்டியதைவிட 3 மில்லிபார் குறைவு. அன்றிரவே மழை கொட்டியது.

மழையைப் பற்றி இருவரும் ஒன்றுதான் சொன்னார்கள், பெரியவரும் கருவியும். ஆனால் காற்றைப் பற்றி நேர் எதிராகச் சொன்னார்கள். காற்று கனத்துவிட்டது என்றார் அவர். காற்று லேசாகிவிட்டது என்றது கருவி. அது அப்படித்தான் சொல்கிறது என்பது பாரோமீட்டர் என்ற பெயரிலேயே இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘பாரோஸ்’ என்றால் எடை, ‘மெட்ரான்’ என்றால் அளவு. இத்தாலியில் டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயை வைத்து இந்தக் கருவிக்கு வழிகாட்டினார். பெயர் வந்தது அதற்குப் பின், 1660களில், ராபர்ட் பாயிலின் எழுத்துகள் வழியாக. நம் தலைக்கு மேல் வானம் முடியும் வரை நிற்கும் காற்றுத் தூணின் எடையைச் சொல்லும் கருவி என்பதே பொருள். மில்லிபாரில் உள்ள ‘பார்’ கூட இதே பாரோஸிலிருந்து வந்ததுதான்.

‘பாரோஸ்’ என்றதும் நமக்குப் ‘பாரம்’ நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றே என்று பலர் நம்புகிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன். ஆனால் வேர் வேறு. தமிழில் வழங்கும் பாரம் வடமொழி ‘பார’ என்பதிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் சுமத்தல். கிரேக்கப் பாரோஸுக்கு வடமொழியில் உண்மையான உறவு ‘குரு’. கனமானது என்பதே அந்தச் சொல்லின் முதற்பொருள். கனம் பொருந்தியவர் என்ற வழியில் ஆசிரியருக்கு ஆகிவந்தது. ஒலி ஒத்திருப்பதை நம்பி உறவு கொண்டாடினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

தமிழில் ‘காற்றழுத்தமானி’ என்கிறோம். பாடநூல்களில் நிலைத்துவிட்ட நல்ல சொல், அதை மாற்ற வேண்டாம். ஆனால் கிரேக்கப் பெயரில் இருந்த ‘எடை’ இதில் மறைந்து ‘அழுத்தம்’ முன்னால் வந்துவிட்டது. அதனால் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று செய்தியில் கேட்கும்போது, அங்கே காற்றுத் தூணின் எடை குறைந்திருக்கிறது என்பது மனத்தில் பதிவதில்லை.

சரி, ஈரம் ஏறிய காற்று ஏன் லேசாகிறது? ஈரத்துணி கனக்கிறதே என்ற நினைப்புதான் நம்மைக் குழப்புகிறது. துணியில் தண்ணீர் இழைகளுக்கு நடுவே போய் உட்காருகிறது, எதையும் வெளியே தள்ளுவதில்லை. காற்றில் நடப்பது வேறு. ஒரே வெப்பநிலையும் அழுத்தமும் இருந்தால், ஒரே அளவு இடத்தில் எந்த வாயுவானாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். 1811-இல் அவகாத்ரோ சொன்னது இது. அதாவது எண்ணிக்கை கட்டிய மீன்பெட்டி மாதிரி. ஒரு மீன் உள்ளே வந்தால் ஒரு மீன் வெளியே போக வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறின் எடை 28, ஆக்சிஜனுடையது 32. நீராவியுடையது 18 மட்டுமே. பெரிய மீன் போய்ச் சிறிய மீன் வந்தால் பெட்டி லேசாகத்தானே செய்யும்?

வண்ணாரப்பேட்டையில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 டிகிரி. உள்ளே இருப்பது முற்றிலும் உலர்ந்த காற்றானால் அதன் எடை கிட்டத்தட்ட 33 கிலோ. ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கும் ஒரு புழுக்க நாளில், நூறு மூலக்கூறுகளில் மூன்றுக்குச் சற்று மேல் நீராவியாக இருக்கும். எடையில் பார்த்தால் சுமார் 680 கிராம் நீராவி உள்ளே வந்திருக்கிறது. அதற்கு இடம் விட்டு வெளியேறிய உலர்காற்று சுமார் 1,090 கிராம். ஆக, அறைக்காற்று 400 கிராம் லேசாகிவிட்டது. விகிதம் பார்த்தால் ஒன்றேகால் சதவீதம். உலர்காற்று இதே அளவு லேசாக வேண்டுமானால் அதை 34 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்.

கதவு, சன்னல் திறந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. அறையை இறுக அடைத்துவிட்டு உள்ளே தண்ணீரைக் கொதிக்கவிட்டால் எதுவும் வெளியே போக முடியாது. அப்போது எடையும் கூடும், அழுத்தமும் கூடும். வானத்துக்குச் சுவர் இல்லாததால் அங்கே காற்று விலகி வழிவிடுகிறது.

பெரியவர் சொன்ன கனம் பொய்யல்ல. அது உடம்பு உணரும் கனம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அந்த அசதியைத்தான் நாம் காற்றின் மேல் ஏற்றிச் சொல்கிறோம்.

ஆனால் மழைக்கு முந்தைய அழுத்தக் குறைவு முழுவதையும் நீராவியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நீராவியில் பெரும்பங்கு தரையை ஒட்டிய சில கிலோமீட்டரிலேயே தங்கிவிடுகிறது. வங்கக்கடலிலிருந்து ஈரக்காற்று புகுந்து, ஒரு காற்றுத் தூணில் உள்ள நீராவி இரட்டிப்பானால்கூட அதனால் மட்டும் குறையும் அழுத்தம் சுமார் 2 மில்லிபார்தான். புயலில் குறைவதோ பத்துக் கணக்கில். அங்கே பெரிய வேலையைச் செய்வது வேறு: நீராவி மேலே ஏறி மேகத்துளியாகும்போது வெளிவிடும் வெப்பம். அது தூணையே சூடாக்கி விரியவைக்கிறது. உயரத்தில் காற்று பக்கங்களுக்கு வழிந்து வெளியேற, கீழே எடை குறைகிறது. லேசான ஈரக்காற்று மேலேறச் சற்று உதவுகிறது, அவ்வளவே.

வீட்டில் கருவி வைத்துப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில், மழையே இல்லாத நாளிலும் அழுத்தம் காலை பத்து மணிவாக்கில் உச்சத்தில் இருந்து, மாலை நாலு மணிக்குள் 3, 4 மில்லிபார் இறங்கிவிடும். இரவு பத்துக்கு மறுபடி ஏறி, விடியற்காலை நாலுக்கு மறுபடி இறங்கும். காலையில் பார்த்ததையும் மாலையில் பார்த்ததையும் ஒப்பிட்டால் தினமும் மழை வரும் என்றே தோன்றும். அதனால்தான் நான் ‘நேற்று இதே நேரம்’ என்று பார்த்தேன்.

அப்புறம், இடிமழை தலைக்கு மேல் வந்ததும் அளவு திடீரென்று ஓரிரு மில்லிபார் ஏறுவதைப் பார்க்கலாம். கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் ஓரளவு ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடித் தரையில் விழுந்து பரவுகிறது. முதல் துளிக்கு முன்னால் ராயபுரம் மொட்டைமாடியில் சில்லென்று முகத்தில் அடிக்கும் காற்று அதுதான். “அப்பாடா, காத்து லேசாயிடுச்சு” என்று நாம் மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான் காற்று உண்மையிலேயே கனத்திருக்கிறது.