உச்சந்தலைப் பொருக்கு: எண்ணெய் வைத்தால் மட்டும் போதாது

சென்ற மார்கழியில் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்குப் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐந்து வாரம். உச்சந்தலையில் மஞ்சள் மெழுகை உருக்கி ஊற்றியதுபோல் பொருக்கு படிந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. குழந்தை அழவில்லை, தலையைத் தேய்த்துக்கொள்ளவும் இல்லை. கவலையெல்லாம் பெரியவர்களுக்குத்தான். பாப்பாவின் அம்மாயியான என் அக்கா, "தினமும் விளக்கெண்ணெய் வைக்கிறேன் தம்பி, இன்னும் கெட்டிதான் ஆகிறது" என்றார். குளிருக்குப் பயந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வாரம் ஒரு முறைதான்.

கெட்டியானதற்குக் காரணம் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வழியாக அதன் உடலுக்குள் வருகின்றன. அவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. பிறந்த பிறகும் சில மாதங்களுக்கு அந்தச் சுரப்பிகள் மும்முரமாக இயங்கிவிட்டு, பிறகு பருவ வயது வரை ஏறத்தாழ அடங்கிக் கிடக்கும். பொருக்கு பெரும்பாலும் பிறந்த மூன்று மாதங்களுக்குள் தோன்றுவதும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக மறைவதும் இதனால்தான். தாய் சாப்பிட்டதாலோ, குளிப்பாட்டியது சரியில்லாததாலோ இது வருவதில்லை. மற்றவருக்குத் தொற்றவும் செய்யாது.

அந்த எண்ணெயை நம்பி வாழும் உயிர் ஒன்று நம் எல்லோர் தோலிலும் உண்டு. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை அது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. ஆகவே தோலின் எண்ணெயை உடைத்துத் தின்கிறது. தின்றது போக மீந்து கிடக்கும் சில அமிலங்கள் தோலை உறுத்துகின்றன. உறுத்தலால் தோலின் மேலடுக்கு வழக்கத்தைவிட வேகமாக உதிர்கிறது. உதிரும் செதில்களைப் பிசுபிசுப்பான எண்ணெய் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. கையில் தட்டுப்படும் மஞ்சள் பொருக்கு அதுதான்.

இப்போது அக்காவின் விளக்கெண்ணெய்க்கு வருவோம். விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாமே கொழுப்பு அமிலங்களால் ஆனவை. தலையிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்தால் அந்தப் பூஞ்சைக்கு இரை போட்டதாகிவிடும். செதில்கள் உதிராமல் ஒட்டிக்கொள்ளவும் வழியாகும். எண்ணெய்க்கு இங்கே ஒரே வேலைதான்: பொருக்கை ஊறவைப்பது. ஊறியதும் எண்ணெயைக் கழுவி எடுத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் வெள்ளை வாசலினோ, மணமில்லாத, மினரல் ஆயிலால் ஆன பேபி ஆயிலோ மேல். பெட்ரோலியத்திலிருந்து வரும் அவற்றில் பூஞ்சைக்கு இரை இல்லை.

அன்று மதியம் வெயில் ஏறிய பிறகு நாங்கள் செய்தது இதுதான். சில சொட்டு பேபி ஆயிலைப் பொருக்கின் மேல் தடவிக் கால் மணி நேரம் விட்டோம். மென்மையான குழந்தைத் தலைத்தூரிகையால் சிறு வட்டமாக மெதுவாகத் தேய்த்தோம். ஊறியது மட்டும் வந்தது, வராததை விட்டுவிட்டோம். உடம்பைத் துண்டில் சுற்றியபடியே, முழங்கையில் சூடு பார்த்த வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை மட்டும் குழந்தை ஷாம்பு போட்டு அலசினோம். பிசுக்கு போகாததால் இரண்டாம் முறையும் ஷாம்பு தேவைப்பட்டது. உடனே துவட்டிவிட்டதால் குளிரும் பிரச்சினையாகவில்லை. செதிலோடு கொஞ்சம் முடியும் வந்தபோது அக்கா பதறினார். அது திரும்ப முளைத்துவிடும்.

உச்சிக்குழியைத் தொடவே பலர் அஞ்சுவார்கள். அங்கே பொருக்கு தடிப்பதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். எலும்பு இன்னும் கூடாத இடம் என்றாலும் அடியில் வலுவான சவ்வு இருக்கிறது. அழுத்தாமல் கழுவினால் ஒன்றும் ஆகாது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படிச் செய்ததில் இரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. புருவத்தில் இருந்த சிறு செதில்களுக்கு ஈரத்துணியே போதுமானதாக இருந்தது.

நகத்தால் பெயர்ப்பது கூடாது. பெயர்த்த இடம் புண்ணாகிக் கிருமி புகும். பெரியவர்களின் பொடுகு ஷாம்புவும் வேண்டாம். சிலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலம் குழந்தையின் மெல்லிய தோல் வழியே இரத்தத்தில் கலக்கக்கூடும். எலுமிச்சைச் சாறு தோலை எரிக்கும். நான் மிகவும் அஞ்சுவது கற்பூரம் கலந்த எண்ணெயைத்தான். கற்பூரம் உடலுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

தோல் சிவந்து பரவினாலோ, நீர் கசிந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, குழந்தை அரிப்பால் தூங்காமல் தவித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பொருக்கோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். பொருக்கு உடம்பெங்கும் பரவி, கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் எடை ஏறாமையும் இருந்தால் அது வெறும் தலைப்பொருக்கு அல்ல. ஒரு வயது தாண்டியும் மறையாவிட்டால் வேறு தோல் நோயா என்று பார்க்க வேண்டியிருக்கும்.