நேர்வுரை: ‘வழக்கு ஆய்வு’ என்று எழுதுகிறவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் தலைவர், போன மாதம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். காணிப் பெர்மிட், அளவைப் படம், பழைய பற்றுச்சீட்டுகள் என்று எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன. கதிரையில் இருக்கவும் இல்லை, “தம்பி, எங்கட சங்கத்திலை ஆர் வழக்குப் போட்டது? எந்தக் கோட்டிலை?” என்று கேட்டார். கையில் ஒரு கடிதம். “உங்கள் சங்கத்தின் அரிசி ஆலை தொடர்பான வழக்கு ஆய்வு எதிர்வரும் வாரம் மேற்கொள்ளப்படும், தேவையான ஆவணங்களுடன் சமுகமளிக்கவும்” என்று அதில் இருந்தது. அனுப்பியவர்கள் ஓர் ஆலோசனை நிறுவனத்தார். அவர்கள் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: ஆலையில் நாங்கள் செய்த வேலையைப் பற்றி ஒரு கேஸ் ஸ்டடி எழுதப்போகிறோம், கணக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.

காணித் தகராறு இல்லாத வீட்டை வன்னியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு ‘வழக்கு’ என்று தலைப்பிட்டுக் கடிதம் அனுப்பினால் அவர் பெர்மிட்டோடு வராமல் வேறு எதோடு வருவார்? ‘வழக்கு ஆய்வு’ என்ற இந்தச் சொல்லை நான் திருத்துவது எத்தனையாவது தடவை என்று எனக்கே நினைவில்லை.

வேரை முதலில் பார்த்துவிடுவோம், அதில் பெரிய வேலை இல்லை. ஆங்கிலத்துக் ‘கேஸ்’ லத்தீன் ‘காசுஸ்’ என்பதிலிருந்து வந்தது. விழுதல் என்பது அதன் அடிப்பொருள். ஒருவர் தலையில் வந்து விழுந்தது, அதாவது நேர்ந்தது. சீட்டு விழுந்தது, பங்கு விழுந்தது என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம். மூக்குக்கண்ணாடி வைக்கிற ‘கேஸ்’ வேறு. அது பெட்டியைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. வைத்தியருக்கு நேர்ந்தது நோயாளி, நீதிபதிக்கு நேர்ந்தது வழக்கு. வழக்கு என்பது ‘கேஸ்’ என்பதன் ஒரு கிளைதான், வேர் அல்ல. தமிழிலும் ‘வழக்கு’க்கு முதல் வேலை நீதிமன்றத்தில் இல்லை. தொல்காப்பியப் பாயிரத்தில் ‘வழக்கும் செய்யுளும்’ என்று வருவது மக்கள் வழங்குகிற மொழியை. ‘வழக்கு ஆய்வு’ என்றால் இலக்கணக்காரர் பேச்சு வழக்கை ஆராய்வது என்று நினைப்பார், ஊர்க்காரர் கோட்டு வழக்கு என்று நினைப்பார். ஆலோசகர் நினைக்கிற பொருளுக்கு மட்டும் ஆளில்லை.

அந்தச் சொல்லுக்காக வாதாடுகிறவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். தீர்ப்புகளைப் படித்து அதிலிருந்தே பாடம் எடுக்கிற முறையை ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் 1870 அளவில் லாங்டெல் என்பவர் கொண்டுவந்தார். 1908இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளி பின்னால் அதே முறையைத் தனக்கு எடுத்துக்கொண்டது. ஆக, கேஸ் ஸ்டடி நீதிமன்ற வாசல் வழியாகத்தான் வணிகத்துக்குள் வந்தது. சரி. ஆனால் வணிகப் பள்ளியின் கேஸ், முடிவு சொல்லாமல் நிற்கும். ‘நீங்கள் முகாமையாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று மாணவரிடம் கேட்கத்தான் அதை எழுதுகிறார்கள். ஆலோசகர் எழுதுவது நேர்மாறானது. என்ன கோளாறு இருந்தது, நாங்கள் என்ன செய்தோம், அளந்து பார்த்தபோது என்ன மாறியிருந்தது என்று முடிவோடு வர வேண்டிய எழுத்து அது. இரண்டையும் ஒரே சொல்லால் மூடினால் இரண்டாவதை எழுதுகிறவர் முடிவை விட்டுவிடுகிறார். எனக்கு வருகிற அறிக்கைகளில் பாதி அப்படித்தான்.

‘விடய ஆய்வு’ என்பார்கள். விடயம் இல்லாத ஆய்வு எங்கே இருக்கிறது? ‘தனியாள் ஆய்வு’ உளவியலுக்கும் கல்வியியலுக்கும் பொருந்தும். அரிசி ஆலை தனியாள் இல்லை.

என் உண்மையான சண்டை இவற்றோடு இல்லை, ‘வெற்றிக் கதை’யோடுதான். போர் முடிந்து திட்டங்கள் வரத் தொடங்கிய காலத்தில் இது வன்னிக்குள் வந்தது. இன்று கேஸ் ஸ்டடி என்று கேட்டால் களத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் எடுத்து நீட்டுவது இதைத்தான். எளிய தமிழ், யாருக்கும் விளங்கும், அதனால் நல்லது என்று சொல்கிறார்கள். விளங்கும்தான். ஆனால் தலைப்பிலேயே வெற்றி என்று எழுதிவிட்டால் கீழே எழுதுகிறவருக்கு என்ன வேலை மிஞ்சுகிறது? கோளாறு வறுமையாகச் சுருங்கிவிடும்: ‘மிகுந்த கஷ்டத்தின் மத்தியில் வாழ்ந்து வந்தார்’. செய்தது எண்ணிக்கையாகிவிடும்: ‘மூன்று பயிற்சிகள் வழங்கப்பட்டன’. விளைவு புன்னகையாகிவிடும், பக்கத்தில் ஒரு படம், கையில் ஒரு கோழி. பயிற்சி நடந்தது என்பது செய்ததன் கணக்கு, அதனால் மாறியதன் கணக்கு இல்லை. ‘45 பேர் பயனடைந்தனர்’ என்றால் 45 பேர் வந்து கையெழுத்து வைத்தார்கள் என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது. இதைச் சோதிக்க எனக்கு ஒரே வழிதான். முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் மட்டும் படிப்பேன். முதலில் சொன்ன கோளாறு எந்த அலகில் இருந்ததோ, அதே அலகு கடைசியில் திரும்பி வர வேண்டும். குறுணல் என்று தொடங்கி மகிழ்ச்சி என்று முடிந்தால் நடுவில் எங்கோ கதை அறுந்துவிட்டது.

அந்த ஆலையைப் போன்ற ஒன்றையே எடுத்து எழுதிக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. முறை மட்டும் உண்மை.

கோளாறு: புழுங்கல் அரிசியில் குறுணல் கூட. ‘கூட’ என்று எழுதினால் போதாது. குற்றி வந்த அரிசியில் ஒரு கிலோ எடுத்து, அரித்து, உடைந்ததை நிறுத்தால் 180 கிராம். பத்துத் தடவை எடுத்ததன் சராசரி அது. இந்த ஒரு வரிதான் தொடக்கம். சங்கம் எப்போது ஆரம்பித்தது, அங்கத்தவர் எத்தனை பேர், இரணைமடுவில் தண்ணீர் எவ்வளவு என்று இரண்டு பக்கம் எழுதுகிற வழக்கம் இங்கே தேவையில்லை. (இந்த ‘வழக்கம்’ எனக்குப் பிரச்சினை இல்லை.)

அடுத்தது, ஏன் என்பது. ஆலைக்காரர் மெஷினைக் குற்றம் சொல்வார். அதைத் தீர்த்துக்கொள்ள, குற்றுவதற்கு முன்னரே காய்ந்த நெல்லில் நூறு மணியை எடுத்து நகத்தால் உமியை உரித்து, டோர்ச் வெளிச்சத்தின் மேல் பிடித்துப் பார்க்கலாம். மணிக்குக் குறுக்கே மயிர் போல வெடிப்புகள் தெரிந்தால், மெஷினுக்குப் போகும் முன்னரே அது உடையத் தயாராகிவிட்டது. குற்றம் காயவிட்டதில் இருக்கிறது. அவித்த நெல்லைக் கொதிக்கிற வெயிலில் சீமெந்துத் தளத்தில் ஒரே மூச்சில் காயவிட்டால், மேற்புறம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது.

செய்தது: ஈரப்பதன் 16 முதல் 18 சதவீதத்துக்கு இறங்கியதும் நெல்லைக் குவித்து நிழலில் சில மணி நேரம் ஆறவிட்டார்கள். உள்ளிருந்த ஈரம் அதற்குள் மணி முழுக்கப் பரவிவிடும். அதன் பிறகு திரும்ப விரித்து 14 சதவீதம் வரை காயவிட்டார்கள். புதிய மெஷின் இல்லை, ஈரமானி ஒன்று மட்டும்.

விளைவு: ஒரு கிலோவில் குறுணல் 180 கிராமிலிருந்து 90 கிராம். இந்த இடத்தில்தான் நல்ல எழுத்தும் கெட்ட எழுத்தும் பிரிகின்றன. காலபோக நெல்லில் 180 எடுத்துவிட்டு, சிறுபோக நெல்லில் 90 எடுத்தால், மாறியது காயவிட்ட முறையா, நெல்லினமா, வெயிலா என்று யாருக்கும் தெரியாது. அதே மாதத்தில் ஆலையின் இறப்பர் உருளையையும் மாற்றியிருந்தால் பெருமை யாருக்கு? ஆகவே ஒரே வாரத்தில், ஒரே நெல்லில், பாதியைப் பழைய முறையிலும் பாதியைப் புதிய முறையிலும் காயவிட்டு, இரண்டையும் ஒரே உருளையில் குற்றி அளக்க வேண்டும். அப்படி அளந்த 90 என்றால் நம்பலாம். இரண்டு தொகுதியில் மழை வந்து இடையில் அள்ளியதால் 140 வந்தது என்றால் அதையும் எழுத வேண்டும். ஆறவிட இடம் தேவைப்பட்டது, ஒரு தொகுதி முடிய முன்னரைவிட அரை நாள் கூடியது என்பதையும் எழுத வேண்டும். அதை வாசிக்கிற இன்னோர் ஆலைக்காரருக்கு வேண்டியதே இந்த அரை நாள் கணக்குத்தான். ‘வெற்றிக் கதை’ என்ற தலைப்பின் கீழே 140 கிராமுக்கும் அரை நாளுக்கும் இடமே இல்லை. சொல்லே அவற்றைத் துரத்திவிடுகிறது. இதற்காகத்தான் இவ்வளவு கத்துகிறேன், தனித்தமிழ் ஆசையால் அல்ல. மெஷினை மெஷின் என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன்.

உள்தலைப்புகளின் மொழிபெயர்ப்பும் இதே சீர்தான். ‘பிரச்சினை, நடவடிக்கை, பெறுபேறு’ என்று ஒரு படிவம் ஊரெல்லாம் சுற்றுகிறது. பிரச்சினை என்றால் இங்கே வயதானவர்களுக்குச் சண்டைக் காலம். நடவடிக்கை என்றால் படையினர் எடுப்பது, அல்லது பொலிஸ் எடுப்பது. பெறுபேறு சாதாரண தரப் பரீட்சைக்கு வருவது. மூன்றையும் ‘வழக்கு ஆய்வு’க்குக் கீழே அடுக்கிப் பாருங்கள், அது ஆலை அறிக்கையா, பொலிஸ் முறைப்பாடா? மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதல் பொருளை எடுத்துவிட்டு, வாசிக்கப்போகிறவர் முகத்தை நினைக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். வரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறவர்களுக்கும் அதில் பங்குண்டு. நான் எழுதுவது கோளாறு, செய்தது, அளந்த விளைவு. விளைவு என்ற சொல்லை வயல் செய்கிறவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தலைப்புக்கு வருகிறேன். லத்தீன் சொல் சொல்வதும் நேர்தல்தான் என்பதால் ‘நேர்வு’ சரியாகப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் ‘நேர்வு ஆய்வு’ என்று எழுதுகிறார்கள்; வெளியிலிருந்து வந்து ஆராய்கிறவருக்கும், முடிவு சொல்லாத வகுப்பறைக் கேசுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். வேலையைத் தானே செய்துவிட்டு அதைச் சொல்கிற ஆலோசகர் ஆராயவில்லை, உரைக்கிறார். அவருக்கு ‘நேர்வுரை’. புதுச் சொல், யாருக்கும் பழக்கமில்லை என்று என் கூட்டாளி ஒருவர் சொன்னார். உண்மை. ஆனால் பழக்கமில்லாத சொல்லைக் கண்டால் ஆள் என்ன என்று கேட்பார். பழக்கமான பிழைச் சொல்லைக் கண்டால் கேட்காமல் பெர்மிட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

அந்த நிறுவனத்துக்காரரைப் பிடித்துக் கடிதத்தை மாற்ற வைத்தேன். ‘ஆலையில் குறுணல் குறைந்தது பற்றிய நேர்வுரை; கணக்குக் கொப்பியை மட்டும் கொண்டு வரவும்.’ இரண்டு நாள் கழித்துத் தலைவர் தொலைபேசியில் எடுத்தார்.

“தம்பி, கடிதம் கிடைச்சது. நேர்வுரை எண்டால் என்ன?”

சொன்னேன்.

“அப்ப பெர்மிட் தேவையில்லையோ?”

“தேவையில்லை ஐயா.”

“எண்டாலும் பையிலை வச்சிருக்கிறன்” என்றார்.