ஏரியாவுக்கு மூன்று பார்ட்டி: சமமாக வந்தால் யாரை எடுப்பது?

சென்னிமலை பெட்ஷீட்டை மொத்தமாக விற்கும் ஒருவர், ஏரியாவுக்கு மூன்று பெரிய பார்ட்டிகளுக்குத் தீபாவளிச் சலுகை தர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்செலில் A பத்தியில் ஏரியா, B-யில் கடை, C-யில் வருட மொத்தக் கொள்முதல். ஈரோடு ஏரியாவில் கோபிக் கடை 8,20,000 ரூபாய், பவானியும் பெருந்துறையும் ஆளுக்கு 6,50,000, அந்தியூர் 5,90,000.

பலரும் LARGE போட்டு முதல் மூன்று தொகைகளை எடுத்து, MATCH வைத்துப் பெயரைத் தேடுவார்கள். MATCH முதலில் கண்ணில் படும் வரிசையோடு நின்றுவிடும். அதனால் பவானி இரண்டு முறை வரும், பெருந்துறை பட்டியலிலேயே இருக்காது. ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருந்தால் கோளாறு இதுதான்.

இதற்குப் பதிலாக, ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: உன் ஏரியாவில் உன்னைவிட அதிகம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அதோடு ஒன்றைக் கூட்டினால் ரேங்க். D2-ல் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=COUNTIFS($A$2:$A$10,A2,$C$2:$C$10,">"&C2)+1
```

பவானிக்கு முன்னால் கோபி மட்டும்தான், ஆக ரேங்க் 2. பெருந்துறைக்கும் அதே 2. அந்தியூருக்கு முன்னால் மூன்று பேர், அதனால் 4. மூன்றாம் ரேங்க் இல்லாமல் போனது தப்பில்லை. மூன்று பேர் ஏற்கெனவே கிடைத்துவிட்டார்கள்.

கரூர் ஏரியாவில் கதை வேறு. அங்கே 7,00,000, 6,10,000, அப்புறம் குளித்தலையும் அரவக்குறிச்சியும் தலா 4,80,000, கடைசியாகப் பள்ளப்பட்டி 3,00,000. ரேங்க் 1, 2, 3, 3, 5. இப்போது,

```
=FILTER(A2:D10,D2:D10<=3)
```

என்று கேட்டால் கரூரில் நான்கு பேர் வருவார்கள். நான்காவது சலுகைக்கும் பணம் ஒதுக்குவதுதான் நியாயம் என்பேன். ஷீட்டில் யார் பெயர் மேலே இருக்கிறது என்பதை வைத்து ஒருவரை வெட்டக்கூடாது. நான்கு பேருக்குக் கட்டுப்படியாகாது என்றால், பில் எண்ணிக்கை போன்ற இரண்டாவது அளவுகோலை முன்கூட்டியே பார்ட்டிகளிடம் சொல்லிவிட வேண்டும்.

இடைவெளி விடாமல் 1, 2, 2, 3 என்று எண்ணும் முறையும் உண்டு. அதில் அந்தியூர் மூன்றாமிடம் ஆகிவிடும். தன்னைவிட மூன்று பேர் அதிகம் வாங்கியிருக்கும்போது 'முதல் மூவர்' என்பது பொருந்தவில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தள்ளுபடி சதவீதம் போட்டு வந்த தொகைகள் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பைசாவின் பின்னத்தில் வித்தியாசப்படலாம். சமமாகத் தெரியும் இருவருக்கு 2, 3 என்று வந்தால் C பத்திக் கணக்கை ROUND-க்குள் வைத்து இரண்டு தசமத்தோடு நிறுத்துங்கள். அடுத்து, 'கரூர்' என்பதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தால் எக்செலுக்கு அது தனி ஏரியா. தொகை வேறுபட்டும் ஒரே ஏரியாவில் இரண்டு பேருக்கு ரேங்க் 1 வந்தால், A பத்தியை TRIM கொண்டு சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.