10 நாள் கழித்து வராதீர்கள்

நாய்க்கடி, பூனைக்கீறல் என்று கிளினிக்குக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்போ கடிச்சது?" பெங்களூரில் அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்திலிருந்து வரும் நம் மக்களில் பலர் இதற்குச் சற்றுப் பெருமையோடு ஒரு பதில் சொல்வார்கள்: "நாலு நாள் ஆச்சு டாக்டர். நாய் நல்லாத்தான் இருக்கு, 10 நாள் பார்த்துட்டு இருக்கோம்." கவனமாக இருப்பதாக அவர்கள் நினைப்பு. கேட்கும் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

அந்த 10 நாள் கணக்கு பொய்யில்லை. தலைகீழாகப் பிடித்துக்கொண்டதுதான் தப்பு. வெறிநோய் வந்த நாயின் எச்சிலில், நோய்க்குறி வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே வைரஸ் இருக்கும். குறி தெரிந்தபின் நாய் அதிக நாள் தாங்காது. ஆகவே கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், 10 நாளுக்குள் அந்த நாய் நோய்ப்பட்டோ செத்தோ போயிருக்கும். 10ஆம் நாளும் தின்று, குரைத்து, வாலாட்டினால் அன்றைய கடியில் வெறிநோய் இல்லை. பூனைக்கும் இதே கணக்குதான். ஆனால் இது, ஊசியை அன்றே தொடங்கிவிட்டு, பாதி வழியில் ஊசியைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்க உதவும் கணக்கு. ஊசியைத் தொடங்கலாமா என்று பார்க்கிற கணக்கு இல்லை.

ஏன் இந்த அவசரம்? தடுப்பூசி போட்டபின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். வைரஸோ காயத்தில் இருக்கும் நரம்பைப் பிடித்து மூளை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்தில், கழுத்தில், விரல் நுனியில் கடி என்றால் சீக்கிரமே வரலாம். 10 நாளைச் சும்மா கழித்துவிட்டு ஊசி போட்டால், பந்தயத்தில் பாதி தூரம் விட்டுக்கொடுத்துவிட்டு ஓடத் தொடங்குகிறீர்கள். நோய்க்குறி வந்தபின் காப்பாற்ற எங்களிடம் மருந்து இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்த பையனுக்கு ஐந்து வயது, 18 கிலோ. சந்தில் ஒரு குட்டிநாய், இரண்டு மாதம் இருக்கும், எல்லா வீட்டிலும் அதற்குச் சோறு. விளையாடும்போது பையனின் ஆள்காட்டி விரலில் கடித்து, இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்திருக்கிறது. பாட்டி காப்பித்தூள் வைத்து அழுத்தினார். அப்பா மெடிக்கலில் கேட்டு ஒரு டிடி ஊசி போட்டுவந்தார். (டிடி தேவைதான். ஆனால் அது டெட்டனஸுக்கு, வெறிநோய்க்கு அல்ல. இதை எத்தனை முறை சொல்வது!) ஐந்தாம் நாள் காலை குட்டியைக் காணோம். அப்போதுதான் பயந்துகொண்டு வந்தார்கள்.

"குட்டிதானே டாக்டர், அதுக்கு எப்படி வெறி வரும்?" என்றார் அம்மா. வரும். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியே மூன்று மாத வயதில்தான் தொடங்குவார்கள். அதற்கு முன் தடுப்பூசியின் காப்பு அதற்கு இல்லை. தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய் கடித்தாலும் நான் ஊசியைத் தொடங்கத்தான் சொல்வேன்.

முதலில் காயத்தைக் கழுவினோம். ஆமாம், ஐந்தாம் நாளிலும். வீட்டில் அன்றே செய்திருக்க வேண்டியது இதுதான்: குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம். காவேரித் தண்ணீர் வராத நாளென்றால் பக்கெட்டும் மக்கும் போதும், ஊற்றிக்கொண்டே இருங்கள். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைத்துவிடும். குளிக்கிற சோப்போ துணி சோப்போ, எதுவும் சரி. 15 நிமிடம் ரொம்ப நீளமாகத் தெரியும். இரண்டாவது நிமிடமே குழந்தை கையை இழுக்கும். விடாதீர்கள். பிறகு பொவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம், பாட்டிகளே, தயவுசெய்து. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அவசரப்பட்டுத் தையல் போடச் சொல்லி எங்களையும் நச்சரிக்காதீர்கள்.

ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசி மட்டும் போதாது. உடம்பு தன் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும்வரை இடைவெளியை அடைக்க, தயாரான எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். இதுதான் இம்யூனோகுளோபுலின். குதிரையிலிருந்து எடுத்ததென்றால் கிலோவுக்கு 40 யூனிட், இவனுக்கு 720. ஒரு மில்லியில் 300 யூனிட் இருக்கும் மருந்தில் 2.4 மில்லி. அவ்வளவும் ஐந்து வயது விரலுக்குள் போகாது. திணித்தால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். விரல் தாங்குகிற அளவை இரண்டு பல் குழியிலும் சுற்றியும் மெல்ல ஏற்றினோம். பையன் அலறினான். வலிக்கும்தான்.

இதில் மருத்துவர்களிலேயே சிலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. இம்யூனோகுளோபுலினை ஏழு நாளுக்குள் போட வேண்டும் என்பது கடித்த நாளிலிருந்து எண்ணுவது இல்லை, முதல் தடுப்பூசியிலிருந்து எண்ணுவது. அதனால் தாமதமாக வந்தவரை "நாள் கடந்துடுச்சு" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இன்னும் ஊசியே தொடங்கவில்லையென்றால் இரண்டையும் இன்றே தொடங்க வேண்டும்.

ரத்தம் வராத மேலோட்டமான கீறலென்றால் பொதுவாகத் தடுப்பூசி போதும். ரத்தம் வந்த பூனைக்கீறலை மட்டும் "வெறும் கீறல்" என்று ஒதுக்காதீர்கள். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. கடித்தாலோ அதன் பல் ஊசிபோல் இறங்கும். மேலே சின்னப் புள்ளி, உள்ளே ஆழம். மறுநாளே கை வீங்கிச் சிவந்து வலித்தால் அது வேறு கிருமி, ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் எப்போதோ நின்றுபோயிற்று. இப்போது பெரியவர்களுக்கு மேல்கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் தோலுக்குள் இரண்டு கையிலும் 0.1 மில்லி வீதம், முதல் ஊசி போடும் நாளை 0 என்று எண்ணி 0, 3, 7, 28ஆம் நாட்களில். தனியாரில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. ஒன்றில் நாலு வருகை, இன்னொன்றில் ஐந்து. அரசு ஊசி ஒன்று குறைச்சல் என்று சண்டைக்குப் போகாதீர்கள், இரண்டும் முழு சிகிச்சைதான். கர்ப்பிணிகளுக்கும் போடலாம். முன்பே முழுதாகப் போட்டவர்கள் பழைய சீட்டோடு வாருங்கள். 0, 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.

அந்தக் குட்டி திரும்பி வரவில்லை. அதனால் பையனுக்கு ஒரு ஊசியையும் விட முடியாது. நாலு வருகையும் முடித்தான். நாயோ பூனையோ 10 நாளுக்குள் செத்தால், சுருண்டு படுத்தால், காணாமல் போனால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகவே இருந்தாலும் எந்த ஊசியை விடுவது என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. தடுப்பூசி பல இடங்களில் கிடைக்கும், இம்யூனோகுளோபுலின் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. கழுவி முடித்ததும் ஒருவர் ஆட்டோ பிடிக்கட்டும், இன்னொருவர் மருத்துவமனைக்குப் போன் போட்டு "இம்யூனோகுளோபுலின் இருக்கா?" என்று கேட்கட்டும். இல்லையென்றால் முதல் ஊசியை அருகில் போட்டுவிட்டு, அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.